தோழிக்குப் பத்து வரி

கரும்பலகையில் டீச்சர் எழுதியதைக் குள்ளி எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் நோட்டைத் திறந்துவிட்டார்கள். ‘விடுமுறையில் சென்று வந்ததைப் பற்றித் தோழிக்கு ஒரு கடிதம். பத்து வரி.’

நூலகத்தின் மாடியறையில் சனிக்கிழமை மதியம் நடக்கும் வகுப்பு அது. மொத்தம் ஒன்பது பேர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள். டீச்சருக்கு முப்பதுகூட இருக்காது.

“மனு எழுதறப்போதான் ‘உயர்திரு’, ‘பணிவுடன்’ எல்லாம். இது தோழிக்கு. நேர்ல பேசற மாதிரி எழுதினாப் போதும்” என்றபடி டீச்சர் பலகையில் ஒரு கட்டம் போட்டாள். வலது மேல் மூலையில் ஊர், அதன் கீழே தேதி. இடது பக்கம் ‘அன்புள்ள’. முதலில் நலம் விசாரிப்பு. பிறகு எங்கே போனோம், யாரோடு போனோம், என்ன பார்த்தோம், எது பிடித்தது. கடைசியில் ‘இப்படிக்கு’, கையெழுத்து. “நிஜமாவே தபால்ல போடப் போறோம். உறையும் ஸ்டாம்பும் நான் தரேன். யாருக்கு எழுதறீங்களோ அவங்க விலாசத்தை அடுத்த வாரம் கொண்டு வாங்க.”

யாருக்கு என்று குள்ளி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தோழி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடிப்பவர்கள் இருவரும். ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க, இன்னொருத்தி மற்ற இரண்டைப் பிடிக்க, உதறி, இழுத்து, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். ஒருத்தி ஒட்டடைக் கம்பு, இன்னொருத்தி இடுப்பளவு. முதல் நாளே யாரோ நெட்டை, குள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவரில் ஒட்டும் நோட்டீஸை எல்லாம் நெட்டைதான் படித்துச் சொல்வாள். “எத்தனை நாளைக்குடி என் கண்ணை வாடகைக்கு எடுப்பே?” என்று திட்டி இந்த வகுப்பில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

குள்ளி முதலில் மலைக்குப் போனதாக எழுதினாள். மலை உயரமாக இருந்தது, பூ அழகாக இருந்தது, குளிர் அடித்தது.

டீச்சர் வாங்கிப் படித்தாள். “எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. ஆனா ஒண்ணுகூட கண்ணால பாத்த மாதிரி இல்லையே. நிஜமா எங்கயும் போனதில்லையா?”

“ஒரே ஒரு தடவை போயிருக்கேங்க. கடலுக்கு.”

“அப்புறம் என்ன, அதையே எழுதுங்க.”

இரண்டு வருடத்துக்கு முன், மூன்று நாள். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று வாய்த்த விடுமுறை அவ்வளவுதான். அந்த மூன்றில் நடுநாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் நெட்டைக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நெட்டை ஒண்டிக்கட்டை. “நான் இருக்கேன்ல, நீ ஏன் பயப்படறே?” என்று குள்ளிதான் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின வாரம் கடலுக்குப் போக நாத்தனார் வேன் பிடித்துவிட்டதாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். நாத்தனாருக்கு நெஞ்சுவலி, உடனே போகவேண்டும் என்று நெட்டையிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் குள்ளி கிளம்பிவிட்டாள். ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய நெட்டை, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே முதலில் கேட்ட கேள்வி, “நாத்தனாருக்கு இப்ப எப்படிடி இருக்கு?” என்பதுதான். 

மறுவாரம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். வீட்டார் வற்புறுத்தினார்கள் என்று ஒரு வரி போட நினைத்தாள். வற்புறுத்தினார்கள் என்ற சொல்லில் எந்த எழுத்துக்குப் புள்ளி, எதற்குக் கொம்பு என்று பிடிபடவில்லை. நான்கு தரம் எழுதி நான்கு தரமும் அழித்தாள். காகிதம் அந்த இடத்தில் நைந்துபோனது. யோசித்துப் பார்த்தால் யாரும் வற்புறுத்தவும் இல்லை. ‘வர்றியா?’ என்று கேட்டார்கள், வந்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்துகளில் சாக்குச் சொல்ல இடமில்லை.

*அன்புள்ள நெட்டைக்கு,*

*நான் நலம். நீ நலமா?*

*நான் கடலுக்குப் போனேன். வீட்டுக்காரர் வந்தார். நாத்தனார் வந்தாள். நாத்தனாருக்கு நோய் இல்லை. அவள் வேனில் பாட்டுப் பாடினாள். அன்று செவ்வாய். உனக்கு ஆபரேசன். எனக்கு அது தெரியும். பெரிய அழை வந்தது. என் சேலை நனைந்தது. நான் சிரித்தேன். எனக்குப் பிடித்தது.*

*இப்படிக்கு, குள்ளி.*

சனிக்கிழமை டீச்சர் சிவப்புப் பேனாவோடு படித்தாள். ‘அழை’யைச் சுழித்தாள். “அழைன்னா கூப்பிடறது, அக்கா. தண்ணி வர்றது அலை. சின்ன ‘ல’ போட்டு ‘லை’.” பிறகு மேலேயிருந்து இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை பேனா அசையவில்லை. “இதை அனுப்பப் போறீங்களாக்கா?” என்றாள்.

“விலாசம் கொண்டாந்திருக்கேங்க.”

டீச்சர் பேனாவை மூடினாள், திறந்தாள். “அப்படின்னா ஒரு குறை இருக்கு. நீங்களே பேசி முடிச்சிட்டீங்க. கடிதம்னா கடைசியில அவங்ககிட்ட ஏதாவது கேக்கணும். அப்பத்தான் அவங்க பதில் எழுத முடியும்.”

குள்ளி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் உறையில் பெறுநர், அனுப்புநர் எழுதி, ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி, சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையெழுத்துக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினாள். *அன்று உன்னோடு யார் இருந்தார்கள்?* கேள்விக்குறி போடத் தெரியும். போட்டாள்.

உறை தபால்பெட்டிக்குள் விழுந்தது. உள்ளே கையை விட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தாள்.

திங்கட்கிழமை நெட்டை எப்போதும்போல் வந்தாள். செவ்வாயும் வந்தாள், சலவைக்கூடத்து மேஸ்திரி மாதிரி நடித்துக் காட்டினாள். ஒவ்வொரு சிரிப்புக்கும், கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று குள்ளி எண்ணிக்கொண்டாள். புதன்கிழமை ‘என்னடி குள்ளி’ என்ற வழக்கமான குரல் இல்லை. நெட்டை விரிப்பின் முனைகளைப் பிடித்தாள், உதறினாள், நடந்து வந்து முனையைக் கொடுத்தாள். விரல் படாமல் கொடுத்தாள். மதியம்வரை நூற்றைம்பது விரிப்பு. 

சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் போன பிறகு, நெட்டை துணிக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“கடிதம் வந்துச்சு.”

குள்ளி நின்றுகொண்டே இருந்தாள்.

“கேள்வி கேட்டிருக்கே. அதுக்கு மட்டும் பதில் சொல்றேன். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னாங்க. ஒருத்தங்க வராங்க, கொஞ்சம் பொறுங்கன்னேன். உனக்கு வேற வீட்ல கஷ்டம், ஆனாலும் நீ எப்படியாவது வந்து தலையைக் காட்டிட்டுப் போவேன்னு எனக்கு ஒரு நெனப்பு. பத்து மணிக்குக் கேட்டாங்க, பதினோரு மணிக்குக் கேட்டாங்க. நான் கதவைப் பாத்துட்டே படுத்திருந்தேன். கடைசியில தரை துடைக்கிற அம்மா ஒருத்தங்க வாளியைக் கீழ வெச்சுட்டு, நான் இவளுக்கு அக்காதான்னு சொல்லிக் கைநாட்டு வெச்சாங்க. கை ஈரமா இருந்துச்சு. மை இழுகிடுச்சு. அவங்க பேருகூட எனக்குத் தெரியாது.”

குள்ளியின் முகம் கோணியது.

“அழுவாத” என்றாள் நெட்டை. குரலில் கோபம்கூட இல்லை. “நீ அழுதா நான்தான் உன்னைத் தேத்தணும். இன்னைக்கு என்னால முடியாது.”

எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டாள். சாயங்காலம்வரை இருவரும் மடித்தார்கள். மணியடித்ததும் நெட்டை திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

குள்ளி பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தபோது வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது வரிசையில், ஜன்னலோரம், நெட்டையின் தலை மட்டும் எல்லோருக்கும் மேலே தெரிந்தது. பக்கத்து இருக்கையில் அவளுடைய பை இருந்தது. வழியில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர், “இடம் இருந்தா உக்காருங்கம்மா, வழியை மறிக்காதீங்க” என்று சத்தம் போட்டார். நெட்டை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அது தனக்குத்தானா, வருகிற யாருக்குமா என்று குள்ளிக்குத் தெரியவில்லை. வண்டி குலுங்கிக் கிளம்பியது. கம்பிக்குக் கம்பி கை மாற்றி அவள் முன்னால் நகரத் தொடங்கினாள்.