இருபது டிகிரி

1998-ல் இராஜபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஞானராஜ் அண்ணாச்சிக்காக, ரோட்டில் இறங்கும் முன் பழகிக்கொள்ள ஒரு கார் சிமுலேட்டர் செய்து கொடுத்தேன். ஸ்டியரிங், பெடல், கோடுகளால் வரைந்த தெரு.

இடது வலது பார்க்க முதலில் ஜாய்ஸ்டிக்கின் 'ஹேட் சுவிட்ச்' என்ற சின்னக் குமிழைத்தான் ஸ்டியரிங்கில் பொருத்தினேன். பெருவிரல் அந்தக் குமிழைத் தேடும்போதெல்லாம் கார் சாக்கடைக்குப் போனது. நிஜத்தில் யார் விரலால் பார்க்கிறார்கள்? எனக்கே எரிச்சல் வந்தது. ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றை நாற்காலிக்கு மேலே பொருத்தி, அதன் தண்டை ஒரு தொப்பியோடு இணைத்து, ஒயரை ஜாய்ஸ்டிக் போர்ட்டில் கொடுத்தேன். தலை திரும்பினால் திரையில் தெருவும் திரும்பியது. முழுசாகத் திரும்பினால் கண் திரையை விட்டுப் போய்விடுமே. அதனால் தலை இருபது டிகிரி திரும்பினால் காட்சி தொண்ணூறு டிகிரி திரும்பும்படி எழுதினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதில் எல்லாரையும்விட நன்றாக ஓட்டியது அண்ணாச்சியிடம் டிரைவிங் படிக்க வந்த ஏசம்மாள். பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் ஜீப் ஓட்டும் வேலை அவளுக்குத் தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் வேண்டும். நிஜக் காரில் அவள் ஓட்டியது நாலைந்து தடவைதான். அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாச்சியே இரண்டு பக்கமும் பார்த்து, "போ, போ" என்றுவிடுவார்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தெருமுக்கில் இடமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர்தான் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தார். ஃபெயில்.

"ஏட்டி, கழுத்துல சுளுக்கா? திரும்பிப் பாக்கத் தெரியாதா?" அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கத்தினார். "மிஷின்ல எம்புட்டு அழகா ஓட்டுனா!"

"பாத்தேன் அண்ணாச்சி. நெசமாத்தான் பாத்தேன்."

அவள் பார்த்தாள். காருக்குள் அவள் முகவாய் இரண்டு விரற்கடை நகர்ந்ததை நான் வெளியில் நின்று கண்டேன். நான் எழுதிய அதே இருபது டிகிரி. அவ்வளவு திரும்பினால் போதும் என்று மிஷின்தான் அவளைப் பழக்கியிருந்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி மிஷினைப் பாராட்டியது காதுக்கு இனிப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த வாரம் அவள் என் சென்டருக்கே வந்தாள். ஜீப் வேலைக்கு வேறு ஆள் சேர்ந்தாயிற்று.

"மறுபடி டெஸ்ட் இருக்கு. செத்த நேரம் பழகிக்கிடுதேன் அண்ணே. தப்பு எங்கிட்டதான்" என்று, நான் சோதனைக்கு வைத்திருந்த இன்னொரு மிஷினில் உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். லேசாகத் திரும்பினாள். இடப்பக்கத் தெரு முழுசாகத் திரையில் வந்து நின்றது.

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சிக்கு அந்தக் கம்பெனி மொதலாளியத் தெரியும். அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருப்பாவளே, அண்ணே."