எந்த மாடி, என்ன கோளாறு

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலை அவளுக்கு. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதல் திட்டு அவள் காதில்தான் விழும். கம்பெனியை இழுத்து மூடச் சொல்வார்கள், அவள் படித்தவளா என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மெக்கானிக்குக்கு ஒரே ஒரு வரி அனுப்புவாள்: நாலாவது மாடி, கதவு பாதியில் நிற்கிறது, உள்ளே யாரும் இல்லை. மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் புகார் அக்கா.

அப்பேர்ப்பட்டவள் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், தம்பிக்கு எழுதிய மெசேஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் அவள் அழைத்துப் போவாள். சனிக்கிழமை அவளுக்கு விடியற்காலை டியூட்டி. அவள் கிளம்பிய பிறகு தம்பி வந்து அப்பாவைக் கூட்டிப் போவான். அது ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். நேற்று நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூணு சனிக்கிழமையா உங்க தம்பி லேட்டாதாம்மா கூட்டிட்டு வர்றார். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பாங்க. மெஷினை விட்டுத்தான் ஆகணும். அப்பாவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எடுத்துடறோம். சனிக்கு அப்புறம் செவ்வாய்தான். அவ்வளவு நாளும் எடுக்காம விட்ட தண்ணி உடம்புலயே நிக்கும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அப்பா ஏன் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்குகிறார் என்று. கேட்டால் "கண்டதைத் தின்னுட்டேன்" என்று சொல்லிச் சமாளித்தார், மகராசன்! பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மாட்டாராம்.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் கையில் இருந்தது.

'நீயெல்லாம் ஒரு மனுஷனா? எப்பவுமே உனக்கு உன் தூக்கம்தான் முக்கியம். வாரத்துல ஒரே ஒரு நாள், அதுக்கே உனக்கு வலிக்குதா? உன் பொண்டாட்டியோட அப்பாவா இருந்தா இப்படி விடுவியா? அம்மா இருந்திருந்தா உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டா. அப்பா செத்தா நீதான் பொறுப்பு.'

எழுதும்போது என்னமோ நெஞ்சு குளிர்ந்தது. அனுப்பப் போனால் விரல் வரவில்லை. போன வருஷம் இதே மாதிரி நாலு வரி அனுப்பப்போய், ஆறு மாதம் அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது அப்படி முறுக்கிக்கொண்டால் நாளைக் காலை அப்பாவை யார் கூட்டிப் போவது? அனுப்பாவிட்டால் நாளைக்கும் லேட்டாக வருவான். அப்படியும் பயம், இப்படியும் பயம். முழுவதையும் அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

'தம்பி, நல்லா இருக்கியா? உனக்கு எவ்வளவு வேலைன்னு தெரியும். நீ இவ்வளவு பண்றதே பெரிசு. நாளைக்கு முடிஞ்சா கொஞ்சம் நேரத்தோட பார்த்துக்கோப்பா. தப்பா எடுத்துக்காதே.'

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. கட்டைவிரல் ஒன்று, சிவப்பு இதயம் ஒன்று. 'சரிக்கா. நீயும் உடம்பைப் பார்த்துக்கோ.'

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எதிரே அடுத்த வேலைக்கு விவரம் வாங்க வந்து நின்றிருந்த மெக்கானிக் திடுக்கிட்டான். ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள் அவனை. பல வருஷமாகத் தெரிந்தவன்.

"நான் என்னக்கா பண்ணேன்?"

"உன்னை இல்லடா. இதைப் படி."

நடந்ததைச் சொல்லி ஃபோனை நீட்டினாள். அவன் படித்தான். மேலே கீழே தள்ளிப் பார்த்தான்.

"எல்லாம் சரிக்கா. எந்த மாடி, என்ன கோளாறு?"

"என்னது?"

"நீங்க எனக்கு இப்படி அனுப்பினா நான் எங்கே போய் நிப்பேன்? லிஃப்டுக்கு வாழ்த்துச் சொல்லிட்டு வந்துடுவேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பட்டுனு சொன்னா அவன் வரவே மாட்டான்டா."

"திட்டை விட்டுட்டு மாடியை மட்டும்தானே நீங்க எங்களுக்கு அனுப்புவீங்க? இதுல மாடியையும் சேர்த்து விட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவன் வேலைச் சீட்டோடு கிளம்பிப் போனான்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். முதலில் எழுதியதை மனதில் ஓட்டி ஒவ்வொன்றாகக் கழித்தாள். 'மனுஷனா' போகட்டும். 'எப்பவுமே'? அது பொய். முன்னாலெல்லாம் அவன் நேரத்துக்கு வந்தவன்தான், லேட் ஆனது இந்த மூன்று வாரம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே சண்டைக்கு வந்துவிடுவான். அவன் பெண்டாட்டி இதில் எங்கே வந்தாள்? செத்துப்போன அம்மாவைச் சாட்சிக்கு இழுப்பானேன்? தூக்கம் என்பதும் இவளுடைய ஊகம், கண்ணால் பார்த்தவள் இல்லை. கழித்தபின் மிஞ்சியது கொஞ்சம்தான். இரண்டாவதிலிருந்து 'முடிஞ்சா', 'கொஞ்சம்' இரண்டையும் தூக்கினாள். 'தப்பா எடுத்துக்காதே' என்று சொன்னால் தப்பாகத்தான் எடுத்துக்கொள்ளத் தோன்றும், அதுவும் வேண்டாம்.

'தம்பி, ஒரு விஷயத்துல எனக்குக் கோபமும் பயமுமா இருக்கு, அதான் நேரா சொல்றேன். மூணு சனிக்கிழமையா அப்பா லேட்டா போறார்னு நர்ஸ் சொன்னாங்க. அடுத்த ஆள் வந்துடறதால அப்பாவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மெஷினை எடுத்துடறாங்க. ஞாயித்துக்கிழமை அவரால படுக்க முடியல, உட்கார்ந்துகிட்டேதான் தூங்கறார். ஏன் லேட் ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஏழு மணிக்கு அவர் அங்கே இருக்கணும். உன்னால முடியாதுன்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு, நான் டியூட்டி மாத்திக்கறேன்.'

கோபம் என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். இல்லை, அது உண்மை, இருக்கட்டும். அனுப்பிவிட்டாள்.

படித்துவிட்டான் என்று தெரிந்தது. 'டைப்பிங்' என்று வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நடுவில் யாரோ ஃபோனில் ஆறாவது மாடியிலிருந்து கத்தினார்கள். என்ன எழுதிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலம் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போதுதான் பதில் வந்தது.

'மூணு வாரமா பாப்பாவுக்கு சனிக்கிழமையும் ஸ்கூல். அவளை வேன் ஏத்திட்டு வர்றேன்கா, அதான் லேட். முன்னாடியே எடுக்கறாங்கன்னு எனக்கு யாருமே சொல்லலையே. லேட்டா போனா லேட்டா முடியும்னுதான் நினைச்சேன். அப்பாகிட்ட கேட்டேன், ஒண்ணும் இல்லடான்னார்.'

அவள் பையை மறுபடி மேஜையில் இறக்கி வைத்தாள். மத்தியானம் முதலில் எழுதி அழித்தது முழுவதும் நினைவுக்கு வந்தது. தூக்கம், பொண்டாட்டி, அம்மா, சாவு எல்லாம் இருந்தது அதில். மெஷினை முன்னாடியே எடுக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, எதற்கு என்றே தெரியாமல் போயிருப்பான் பாவி.

அடுத்த வரியும் வந்தது. 'பாப்பாவை அவ அம்மா ஏத்தி விடுவா. நான் ஆறரைக்கு வந்துடறேன். ஆனா ஏன் லேட்டா வர்றேன்னு நீ என்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்கா.'

பதிலுக்குப் பதில் சொல்ல வாய் துடித்தது. 'நீ மட்டும்' என்று ஆரம்பித்தாள், அழித்தாள்.

'ஆமாண்டா. கேட்டிருக்கணும்' என்று அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை டியூட்டியில் இருக்கும்போது அப்பாவே கூப்பிட்டார். "உன் தம்பி இருட்டுலயே வந்து கதவைத் தட்டி உயிரை எடுத்துட்டான். நீ அவனை என்ன சொன்னே?" என்று ஒரே கத்தல். இன்னும் ஏழு ஆகவில்லை. பின்னாலிருந்து நர்ஸ், பேசாமல் படுங்கள் என்று அதட்டுவது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பாவின் அறைக் கதவைப் பயத்தோடுதான் தள்ளினாள். சுவரோரம் யாரும் சாய்ந்திருக்கவில்லை. கட்டிலில் காலை நீட்டி மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று தம்பிக்கு எழுதினாள்.

'அப்பா படுத்துத் தூங்கறார்.'