மாவிளக்கு அரிசி

இரண்டு கறவை மாடுகளை விற்றுத்தான் பாக்கியலட்சுமி எழுநூறு வெள்ளிப் பணத்துக்கு மாவு மிஷினும் மோட்டாரும் வாங்கினாள். காஜா பேராங்கில் தன் வீட்டு முன்கொட்டகையில் அதை நிறுத்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெர்டேக்கா சுதந்திர தினத் தோரணங்கள் தெருவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்குள் பக்கத்து வீட்டு மீனாட்சிசுந்தரம் மின்சார ஆபீசில் புகார் கொடுத்துவிட்டார். மிஷின் போடும்போதெல்லாம் அவர் வீட்டு விளக்கு மங்குகிறதாம்.

மத்தியானம் வந்த அதிகாரி கருணாகரன் சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஓடுறப்ப பிரச்சனை இல்லம்மா. ஸ்டார்ட் பண்றப்பதான் மோட்டார் கரண்ட அள்ளி இழுக்குது. சாயந்திரம் அவர் வீட்டுல ஒக்காந்து பாப்பேன். விளக்கு திரும்பத் திரும்ப மங்குனா, மோட்டாருக்குப் போற கரண்ட வெட்டிடுவோம்."

ஒவ்வொரு வீட்டு மாவுக்கும் நடுவே மோட்டாரை நிறுத்தித் துடைப்பது பாக்கியலட்சுமியின் வழக்கம். வாடிக்கைக்காரர்கள் அப்படித்தான் கேட்டார்கள். கரண்டும் மிச்சம் என்று அவளும் நினைத்திருந்தாள்.

இன்று வெளிச்சம் இருக்கும்போதே, அதிகாரி வந்து உட்காரும் முன்பே மோட்டாரைப் போட்டு, அரைக்கும் கல்லைத் தளர்த்தி, நிறுத்தாமல் வெறும் மிஷினாக ஓட விட்டாள். மீட்டர் சும்மாவே சுற்றியது. சுற்றட்டும். வாடிக்கைக்காரி மல்லிகாவின் கோதுமை முடிந்தது. மிளகாய் எப்போதும் போலக் கடைசிக்குக் காத்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், மீனாட்சிசுந்தரத்தின் மனைவி சிகப்பி டின்னோடு வந்து நின்றாள். தெருவிலேயே கறாரான வாடிக்கை அவள்தான். அவள் போனால் பின்னாலேயே பத்து வீடு போகும்.

"மாவிளக்கு அரிசி. நிறுத்தித் தொடச்சிட்டுப் போடு."

"இன்னிக்கு நிறுத்த முடியாது ஆச்சி."

"கோதுமை மாவோட சாமி காரியமா? நிறுத்துடி. இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

பாக்கியலட்சுமியின் கை சுவிட்ச் வரைக்கும் போனது. கையை இழுத்துக்கொண்டாள்.

"நிறுத்திட்டு மறுபடி போட்டா உங்க வீட்டு விளக்கு மங்கும். அதப் பாக்கத்தான் உங்க வீட்டுக்காரர் அதிகாரியக் கூட்டியாந்து ஒக்கார வச்சிருக்காரு. அப்புறம் இந்த மிஷினே ஓடாது ஆச்சி."

வீட்டில் உட்கார்ந்திருந்தவரை யாரோ விருந்தாளி என்றுதான் சிகப்பி நினைத்திருந்தாள்; புகார் அவளுக்குப் புதுச் செய்தி. முகம் சுண்டிப்போயிற்று.

பாக்கியலட்சுமி கல்லைத் தளர்த்தி, ஒட்டியிருந்த கோதுமை மாவை உதிர விட்டாள். "மொத ரெண்டு பிடி அரிசிய இதுல ஓட்டி, அந்த மாவத் தனியா எடுத்துருவோம். மிச்சம் சுத்தமா வரும். ரெண்டு பிடிதான் நட்டம்."

சிகப்பி டின்னுக்குள் கைவிட்டு, தானே இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். அந்த மாவு தனி டப்பாவுக்குப் போனது. மிச்ச அரிசி வெள்ளை வெளேரென்று மாவாக விழுந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து அதிகாரி வெளியே வந்தார். "ஒரு தடவகூட மங்கல. இப்படியே ஓட்டுங்க." பின்னாலேயே வந்த மீனாட்சிசுந்தரம் விடவில்லை. "இன்னிக்கு நடிக்கிறா சார். தினம் பத்துத் தடவ நிறுத்திப் போடுறவதான்."

சிகப்பி சூடான டின்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நிறுத்தச் சொன்னது நான்தான். புகார்ல என் பேரையும் சேத்துக்குங்க."