ஏலகிரிச் சூரியனுக்கு ஒரு கேப்ஷன்

மனித குலம் சீரழியத் தொடங்கியது ஹேஷ்டேக் கண்டுபிடிக்கப்பட்ட நாளில்தான் என்று பாண்டியன் கல்லூரி கேன்டீனில் ஆணித்தரமாக நிறுவியிருந்தான். கூட்டாளி இல்லாதவன்தான் அதைப் போட்டு ஊரைக் கூப்பிடுவான் என்பது அவன் தீர்ப்பு.

ஞாயிறு காலை காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வகுப்புத் தோழன் யேசுதாஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏலகிரி மலையில் சூரியன் உதிக்கிறது. ஓரத்தில் யேசுதாஸும் துளசியும் வகுப்பில் மற்றவர்களும் சால்வை போர்த்தி நிற்கிறார்கள். பின்னாலேயே போனும் வந்தது.

"மச்சான், இன்ஸ்டாவுக்குக் கேப்ஷன் எழுதிக் குடுடா. உனக்குத்தான் வரும்."

"எப்படா போனீங்க?"

"நேத்து. எல்லாரும் வந்திருக்கோம்." யேசுதாஸ் குரலைத் தாழ்த்தினான். "நீ எதையாவது கிண்டல் பண்ணிக்கினே இருப்ப. அதான் கூப்பிடல. கோச்சிக்காதபா."

"சூரியனைப் பாக்க மலை ஏறணுமா? இங்கயே இருக்குது."

ஆனாலும் எழுதி அனுப்பினான்: 'குளிர் எங்களை எழுப்பியது. நாங்கள் சூரியனை எழுப்பினோம்.' வெறும் சூரியோதயம் என்று போட்டால் கோடிப் படங்களுக்கு நடுவே புதைந்துவிடும் என்பதால் ஊர்ப் பெயரையும் சேர்த்தான்: #ஏலகிரி #ஏலகிரிசூரியோதயம் #நண்பர்கள்.

"செம மச்சான்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

டீ ஆறிவிட்டது. பாண்டியன் அந்தப் படத்தில் ஆட்களை வெட்டிவிட்டுச் சூரியனை மட்டும் தன் இன்ஸ்டா ஸ்டோரிக்கு எடுத்தான். இடம் ஏலகிரி என்று தேர்ந்தெடுத்தான். அதே வரி, அதே ஹேஷ்டேக்குகள். யேசுதாஸ் கும்பலுக்கு மட்டும் தெரியாதபடி ஒவ்வொரு பெயராக மறைத்துவிட்டுப் பதிவிட்டான். பிறகு, யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.