மூன்றாவது வரி

கடையில் என்னை எல்லோரும் 'வாபஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டுப்போன சாமான்களைத் திருப்பி வாங்கும் மேஜை என்னுடையது. பதினோரு வருஷத்தில் நான் திருப்பி வாங்கிய சாமான்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் இடம் கடையின் கடைசி மூலை. முதுகுக்குச் சுவர், இடது பக்கம் மிக்ஸிப் பெட்டிகள், வலது பக்கம் ஃபேன் பெட்டிகள், எதிரே கண்ணாடி போட்ட மேஜை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர். வெளியே வர வேண்டுமானால் மேஜையோடு சேர்ந்த மடக்குப் பலகையைத் தூக்க வேண்டும். அது தூக்கும்போது 'டொப்'பென்று ஒரு சத்தம் போடும். முதலாளி எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே காலையில் தண்ணீர் குறைவாகக் குடித்துப் பழகிவிட்டேன்.

போன வருஷம் எதிரே பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அங்கே வேலை பார்ப்பவர்கள் வந்து இங்கிலீஷில் பேசினால் நாங்கள் மாடு கன்று போட்டதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்போம். முதலாளிக்கு மானம் போயிற்று. "நீ போய்க் கத்துக்கிட்டு வாம்மா. கோவமா வர்றவங்கதான் உன்கிட்ட வருவாங்க. இங்கிலீஷ்ல பேசினா பாதிக் கோவம் இறங்கிடும்" என்று என்னை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டார். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு. மருந்துக்கடை மாடியில் ஒரு அறை, பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மிஸ். இளவயசுதான், ஆனால் குரல் கணீரென்று இருக்கும்.

ஐந்தாவது வாரம் மிஸ் ஒரு தாள் கொடுத்தார். கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசுவது. வாடிக்கையாளர் ஒரு பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்க வருகிறார். சாமானின் பெயருக்குக் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. மேலே ஒரு கட்டத்தில் கெட்டில், டார்ச், அயர்ன் பாக்ஸ் என்று போட்டிருந்தார்கள், வேண்டியதை எடுத்து நிரப்பிக்கொள்ளலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க இதே கூத்து, மாடியிலும் இதே கூத்தா?

கடைக்காரருக்கு நாலே வரி. உச்சரிப்பை நான் தமிழில் பென்சிலால் மேலே எழுதிக்கொண்டேன். முதல் வரி, "ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" இரண்டாவது, "ஐ ஆம் சாரி டு ஹியர் தட். டூ யூ ஹேவ் தி பில்?" மூன்றாவது, "வுட் யூ லைக் எ நியூ ஒன்?" வேறு புதுசு தரட்டுமா என்று அர்த்தம். நாலாவது, "ஹியர் யூ ஆர்." இந்தாங்க. முடிந்தது கதை. ஏதோ பக்கத்து வீட்டுக்குக் கருவேப்பிலை கொடுப்பதுபோல.

முதல் இரண்டு வரியும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வார்த்தை கஷ்டமில்லை, ஒவ்வொன்றாகச் சொன்னால் வரும். வரியாகச் சொல்ல வராது.

"ஏன் நிறுத்துறீங்க?" என்றார் மிஸ்.

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல மிஸ். முதலாளியைக் கேக்கணும்."

வகுப்பே சிரித்தது. "இது வெறும் தாள்" என்றார் மிஸ். அதுதான் விஷயம். தாளில் இருக்கும் கடைக்காரருக்கு மேலே முதலாளி கிடையாது.

என் ஜோடியாக உட்காருகிறவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். வகுப்பில் அவளுக்குப் பெயர் ஊசிக்காரி. அவள்தான் என் கையைப் பிடித்து, "அக்கா, வலிக்காதுக்கா, பட்டுனு சொல்லிடுங்க" என்பாள். எனக்கு வராதபோதெல்லாம் மிஸ் கையைத் தட்டி, "சேஞ்ச் ரோல்ஸ்!" என்பார். பாத்திரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் வாடிக்கையாளர் ஆனால் போதும், அருவி கொட்டும். பதினோரு வருஷமாக எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட பேச்சாயிற்றே. ஒரு விதி மட்டும் உண்டு: எதிராளி தடுமாறினால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

முதலாளி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். இரண்டாவது வரிக்கு, "பிரமாதம்! மன்னிப்பும் கேட்டாச்சு, பில்லும் கேட்டாச்சு" என்றார். மூன்றாவதுக்கு அர்த்தம் சொன்னதும் கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டாவது வரிக்குக் கீழே நேராக வெட்டி, மேல்துண்டை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "இதுவரைக்கும் போதும்."

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஊசிக்காரி கடைக்கு வந்து என்னிடம் நல்ல கெட்டிலாகச் சொல்லச் சொன்னாள். அவள் அம்மாவுக்குக் காது கேட்காது, பகலெல்லாம் தனியாக இருக்கிறார். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு மறந்து, இரண்டு தடவை பாத்திரம் கருகிவிட்டது. கொதித்ததும் தானே அணையும் கெட்டில் வேண்டும். நானே கை காட்டினேன். நம்பி வாங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வந்தாள். "அக்கா, அணையவே மாட்டேங்குது."

இப்படி வருவதில் பாதிப்பேர் மூடியைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டார்கள். மூடி திறந்திருந்தால் ஆவி சுவிட்சுக்குப் போகாது, அது அணையாது. அதனால் நானே தண்ணீர் ஊற்றி, மூடியை 'க்ளிக்' என்று அழுத்தி, சோதனை பிளக்கில் போட்டேன். கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. சுவிட்ச் அசையவில்லை, நான்தான் கையால் அணைத்தேன். அடியில் இருந்த சீரியல் நம்பரும் பில்லும் ஒத்துப்போயின. கெட்டிலின் பழுது, சந்தேகமே இல்லை.

வாங்கிய நாளையும் சேர்த்து ஏழு நாளுக்குள் வந்தால் கம்பெனியே கடைக்கு வேறு கெட்டில் தந்துவிடும். கடை ஒரு படிவம் எழுதி, முதலாளி கையெழுத்துப் போட்டு, பழையதைக் கட்டி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு முதலாளிக்கு உடம்பு வணங்காது. அவருடைய வழி வேறு: ஏழு நாளை ஓட்டிவிடுவது. எட்டாம் நாள் சர்வீஸ் சென்டர் என்று கையைக் காட்டிவிடலாம். அங்கே பழுது பார்க்க ஒரு மாசம்.

"நாளன்னிக்கு வரச் சொல்லு" என்றார். வியாழக்கிழமை வந்தாள். "சனிக்கிழமை வரச் சொல்லு" என்றார். சனிக்கிழமை ஏழாம் நாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. சொன்னால் என் வேலை போகும். வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மிஸ் பழைய தாள்களைத் திரும்ப எடுத்தார். ஊசிக்காரி பையிலிருந்து நிஜக் கெட்டிலையே எடுத்து வைத்தாள். "இப்ப தாள்ல சொல்ற மாதிரி சொல்லுங்கக்கா பாப்போம்" என்று சிரித்தாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். மிஸ் கையைத் தட்டினார். "சேஞ்ச் ரோல்ஸ்!"

சனிக்கிழமை மத்தியானம் கடையில் நெரிசல். கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் கழுத்தில் அட்டையோடு வரிசையில் நின்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பது முதலாளி சட்டம். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் மேஜையருகே நின்றார். ஊசிக்காரியின் முறை வந்தது.

"ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" என்றேன்.

அவள் நிமிர்ந்து நின்றாள். "ஐ பாட் திஸ் கெட்டில் ஹியர். இட் டஸ் நாட் ஸ்விட்ச் ஆஃப்." ஒரு பிசிறில்லை.

"ஐ ஆம் சாரி டு ஹியர் தட். டூ யூ ஹேவ் தி பில்?"

"யெஸ். ஹியர் இட் இஸ்."

பில் என் கைக்கு வந்தது. அவள் என் வாயையே பார்த்தாள். அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியும். முதலாளி என் காதருகே குனிந்து, "திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார்.

சுவர் முதுகில் இடித்தது. பெட்டிகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்ததுபோல் மூச்சு முட்டியது. இங்கே உட்கார்ந்தபடி என்னால் அந்த வரியைச் சொல்ல முடியாது, செத்தாலும் வராது. ஆனால் அங்கே, அவள் பக்கம் நின்றால்?

"சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றேன். "கம்ப்யூட்டர்ல தேதியைப் பாருங்க."

பலகையைத் தூக்கினேன். டொப்! அவர் உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து, பலகையை இறக்கிவிட்டு, ஊசிக்காரி பக்கத்தில் போய் நின்றேன். அவள் கையிலிருந்த கெட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

"ஐ பாட் திஸ் கெட்டில் ஹியர். இட் டஸ் நாட் ஸ்விட்ச் ஆஃப்."

முதலாளி என்னை முறைத்தார். வரிசையைப் பார்த்தார். எட்டுப் பேர் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் கண்ணாடிக்கு அடியில் போயிற்று. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஐ ஆம் சாரி… டு ஹியர் தட். டூ யூ ஹேவ் தி பில்?"

"யெஸ். ஹியர் இட் இஸ்" என்று பில்லை நீட்டினேன். "டுடே இஸ் தி செவன்த் டே." தாளில் இல்லாத வரி. என் சொந்த வரி.

ஊசிக்காரி சட்டென்று என்னைப் பார்த்தாள். முதலாளியின் விரல் கீழே இறங்கி, அவர் வெட்டிய ஓரத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே வெறும் மரம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன். என் முதுகுச் சுவர் இடிக்க, பின்னால் நகர இடமில்லாமல் அவர் நெளிந்தார்.

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர்தான் நல்ல தமிழில் கேட்டார். "என்ன சார் யோசனை? ஏழு நாளுக்குள்ள வந்திருக்காங்க. புதுசு தர்றேன்னு சொல்லுங்க."

முதலாளி சிரித்தார். இஞ்சி தின்ற சிரிப்பு. "தந்துட்டாப் போச்சு" என்று படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நானே அலமாரியிலிருந்து புதுக் கெட்டிலை எடுத்து, தண்ணீர் ஊற்றி, பிளக்கில் போட்டேன். கொதித்தது. 'டக்'கென்று தானே அணைந்தது. ஊசிக்காரி என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

"உள்ள வா" என்றார் முதலாளி. வெளியே வரும்போது மெதுவாகச் சொன்னார், "கூட்டம் போகட்டும், உன்னைக் கவனிச்சுக்கிறேன்."

உள்ளே போனேன். பலகை விழுந்தது. சுவர், பெட்டி, பெட்டி, எல்லாம் அதனதன் இடத்தில். கண்ணாடிக்கு அடியில்தான் ஒன்று குறைந்தது. போகிற போக்கில் தாளை உருவிக்கொண்டு போயிருக்கிறார்.

அடுத்த ஆள் ஒரு அயர்ன் பாக்ஸை மேஜைமேல் வைத்தார். வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நான் வெறும் மரத்தைப் பார்த்தேன். நாலு வரியும் எனக்கு மனப்பாடம்.