அத்தை வந்தாச்சா?

என் கடையில் கயிறு, கொக்கி, நங்கூரம், பெயின்ட் எல்லாம் கிடைக்கும். யோசனை இலவசம். இலவசம் என்பதாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. அன்று என் தங்கையும் மாப்பிள்ளையும் நீல பெயின்ட் வாங்க வந்தார்கள். கூடவே படகுப் பெயின்டரும் வந்திருந்தார். கோடு போடாமல் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டார் என்பதால் அவருக்குக் 'கோடு' என்றே பேர்.

மாப்பிள்ளையின் புதுப் படகு கட்டி முடிந்து, கரைமேல் மரக்கட்டைகளில் ஏறி நின்றது. பேர் எழுதாமல் துறைமுக ஆபீசில் பதிவு கிடையாது. பதிவில்லாமல் தண்ணீரில் இறக்க முடியாது. பேர் இன்னும் முடிவாகவில்லை. காரணம் என் தங்கை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பழைய படகின் பேர் 'அலை'. அதே துறையில் 'கலை' என்றும் ஒன்று உண்டு. வீட்டில் கரை வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொள்வது தங்கைதான். போன பருவத்தில் ஒரு மழைநாளில் "அலை, அலை, அலை" என்று கூப்பிட்டாள். "கரைக்கு வந்துட்டோம்" என்று பதில் வந்தது. சோற்றை வடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். பதில் சொன்னது கலை. அலையோ எஞ்சின் செத்து, நடுக்கடலில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை மறுநாள்தான் கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம்: "நான் நம்பிக் கூப்பிடுற மாதிரி ஒரு பேரு வைங்க. இல்லன்னா நீங்க கடலுக்குப் போக வேணாம்."

"சின்னப் பேரா சொல்லுங்க," என்றார் கோடு. "இடப்பக்கம் முகப்புலேர்ந்து எழுத ஆரம்பிப்பேன். வலப்பக்கம் எழுதினா பேரோட வாலு முகப்புல வந்து முடியும். அங்க பலகை உள்வாங்கி வளையும். நீளமான பேருன்னா கடைசி எழுத்து கழுத்து திருகின கோழி மாதிரி நிக்கும். சின்னதுன்னா எழுத்தை ரெண்டு ஜாண் உயரத்துக்கு எழுதலாம். தூரத்துலேர்ந்தே தெரியும்."

"லாபம்னு வச்சிடலாம்," என்றார் மாப்பிள்ளை.

தங்கை வயர்லெஸ் மைக் பிடிப்பதுபோல் கையைக் குவித்துக்கொண்டாள். "லாபம் வந்தாச்சா? இல்ல, லாபம் வரல. லாபத்தை இன்னும் காணோம். கேக்க நல்லாயிருக்கா?"

"அதுக்கு நஷ்டம்னு வச்சா, நஷ்டத்தைக் காணோம்னு ஊரே சந்தோஷப்படும்," என்றேன். தங்கை என்னை முறைத்தாள்.

"அரண்?" என்றார் கோடு. "மூணே எழுத்து. காவலுக்குக் காவல்."

எனக்கும் பிடித்தது. தங்கை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். "அரணைக் கூப்பிடு. அரணைப் பார்த்தியா?" நிறுத்தினாள். "அண்ணே, கடைசியில பல்லி ஜாதியில ஒண்ணு வந்து நிக்குதே. அரணை கடிச்சா மரணம்னு சொல்லுவாங்க. அதுல ஏறியா இவரு போகணும்?"

வேற்றுமை உருபு ஒரு பேரைக் கவிழ்த்ததை அன்றுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நானும் தேறியிருப்பேன்.

பிறகு வியாபார மூளை வேலை செய்தது. "நலம்னு வை. நீ 'நலமா?'ன்னு கேப்ப. அவரு 'நலம்'னு சொல்லுவாரு. கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, குசலம் விசாரிச்ச மாதிரியும் ஆச்சு. ஒரே விலைக்கு ரெண்டு சரக்கு."

மாப்பிள்ளை தொடையைத் தட்டினார். கோடு சுண்ணக்கட்டியால் கல்லாப்பெட்டியின் மேலேயே எழுதிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தங்கை அவர் கையிலிருந்து சுண்ணக்கட்டியைப் பிடுங்கினாள்.

"இதுதான் எல்லாத்தையும்விட மோசம்," என்றாள். "இவரு 'நலம் பேசுறேன், எஞ்சின் போச்சு'ன்னு சொல்லுவாரு. வயர்லெஸ்ல பாதி இரைச்சல்லயே போயிடும். 'நலம்' மட்டும்தான் என் காதுல விழும். நான் சோறு வடிக்கப் போயிடுவேன். மறுபடியும் அதே கதை. பேரு பேரா இருக்கணும் அண்ணே. சேதியா இருக்கக் கூடாது."

கல்லாப்பெட்டியின் மேலிருந்த 'நலம்' எழுத்தை நானே துடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். "பெயின்ட் வாங்க வந்தீங்களா, பெயின்ட் காய்ச்ச வந்தீங்களா?" என்று மகனைக் கேட்டுவிட்டு, என் கயிற்றுச் சுருளை எடுத்து இழுத்துப் பார்த்தார். "இதுக்குப் பேரு கயிறா? நூலு, கயிறு வேஷம் போட்டிருக்கு." நான் விலை சொல்லும் முன்பே பாதியாகக் குறைத்தேன். பழக்கம். போன வருஷம் மகனின் இடத்தில் ஒரு பெரிய விசைப்படகு வந்து கட்டியபோது, இந்த அம்மாள் படித்துறையில் நின்று வெறும் வாயாலேயே அதைப் பின்வாங்க வைத்தவர். அதன் டிரைவர் இன்றும் அந்தப் பக்கம் ஹாரன் அடிப்பதில்லை.

தங்கை மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அத்தை," என்றாள்.

"என்னடி?"

"உங்களைக் கூப்பிடல அத்தை. பேரு சொன்னேன். அத்தை. இந்தத் துறையில அது மாதிரி வேற பேரு கிடையாது. முடிவுல 'த்தை'ன்னு ஒரு அடி விழுது. எந்த இரைச்சலையும் கிழிச்சிட்டு வரும். 'அத்தையைக் காணோம்'னு சொன்னாலும்..." சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"சொன்னாலும் உனக்கு நிம்மதிதான், சொல்லேன்," என்றார் மாமியார்.

"பெத்த அம்மாவை நான் அத்தைன்னு கூப்பிடணுமா?" என்றார் மாப்பிள்ளை. "வயர்லெஸ்ல 'அத்தை பேசுறேன்'னு சொன்னா துறையே சிரிக்காதா? மீசை வச்ச அத்தைன்னு!"

"சிரிக்கட்டும். சிரிச்சா ஞாபகம் இருக்கும்," என்றாள் தங்கை. "அத்தை பக்கத்துல வர எதுக்குத் தைரியம் இருக்கு? காத்தா இருந்தாலும் சரி, மழையா இருந்தாலும் சரி."

மாமியார் கயிற்றைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் ஏறுவதா, சிரிப்பு இறங்குவதா என்று ஒரு நிமிஷம் பேரம் நடந்தது. "எழுத்து கோணலா இருந்தா பிரஷ்ஷை உடைப்பேன்," என்றார் கோட்டிடம். போகும்போது அந்தக் கயிற்றுச் சுருளையும் கடனில் எடுத்துக்கொண்டு போனார்.

துறைமுக ஆபீஸ் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, இதே பேரில் வேறு படகு இல்லை என்று உறுதி செய்தார். கோடு சுண்ணக்கயிற்றை இழுத்துச் சுண்டிக் கோடு விழவைத்து, நீலத்தின்மேல் வெள்ளையில் இரு பக்கமும் எழுதினார். வலப்பக்கம் 'தை'யின் வால் வளைவுக்கு முன்பே அடங்கி நின்றது.

ஒரு சங்கடத்தை யாரும் யோசிக்கவில்லை. தினமும் தங்கை "அத்தை, அத்தை, அத்தை, இது வீடு," என்று கூப்பிடும்போதெல்லாம், சமையலறையிலிருந்து "என்னடி, என்னடி, என்னடி?" என்று பதில் வந்தது. கடலுக்கு முன்னால் வீடு முந்திக்கொண்டது.

பருவத்தின் நடுவில் ஒரு மாலை, மூடுபனி இறங்கியது. மற்ற படகுகள் திரும்பிவிட்டன. நான் கடையைச் சாத்திவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மைக்கைக் கீழே வைக்காமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அத்தை, அத்தை, இது வீடு."

இரைச்சல். சமையலறையிலிருந்துகூடச் சத்தமில்லை. மாமியார் ஈரக்கையோடு வந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல். யாரோ ஒருவர் "வந்துட்டோம்" என்றார். தங்கை நிமிரவில்லை. "பேரு சொல்லுங்க," என்றாள். அந்தக் குரல் அதோடு அடங்கிவிட்டது. வேறு படகு.

மாமியார் மைக்கைப் பிடுங்கினார். "டேய்! என் பேரை நெத்தியில எழுதிக்கிட்டு எங்கடா சுத்துற? பதில் சொல்லு!"

இரைச்சலைக் கிழித்துக்கொண்டு இரண்டு சத்தம் வந்தது. "...த்தை... த்தை..."

பிறகு உடைந்து உடைந்து: "எஞ்சின்... நின்னுடுச்சு... கலங்கரை விளக்குக்கு... வடக்கே..."

தங்கை சோறு வடிக்கப் போகவில்லை. மைக்கை வாங்கி, பக்கத்துத் துறைப் படகு ஒன்றைக் கூப்பிட்டு, இடத்தைச் சொல்லி, இழுத்துவரச் சொன்னாள். அவர்கள் பேர் கேட்டார்கள். "அத்தை," என்றாள். அந்தப் பக்கம் ஒருவன் சிரித்தான். "அத்தையா? அப்ப உடனே போயிடுறோம் தாயி. லேட்டா போனா திட்டு விழும்."

இருட்டுவதற்குள் கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். மாப்பிள்ளை நனைந்த பூனைபோல் வாசலில் நின்றார். மாமியார் துண்டை எறிந்தார். படித்துறைக்குப் போய், படகை இழுத்து வந்த என் கடைக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"கயிறு பரவாயில்ல. பாதி விலைக்கு மேல தர முடியாது."