எந்தப் பத்தியில் அவன்

அந்த ஆய்வகத்தில் நன்றியுரைக்கு ஒரே அச்சுதான். என்றோ ஒரு சீனியர் எழுதியதை எடுத்து, ஆளாளுக்குப் பெயரை மாற்றித் தங்கள் ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்வார்கள். முதலில் வழிகாட்டி, அடுத்து குழு உறுப்பினர்கள், ஆய்வகத் தோழர்கள், கடைசியில் குடும்பம். அவளும் அப்படியே ஒட்டினாள். 'பொறுமையுடன் வீட்டில் காத்திருந்த என் கணவருக்கு' என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அவன் எங்கே வீட்டில் காத்திருந்தான்? பக்கத்து மேசையில் அல்லவா இருந்தான். அவளுடைய ஆய்வுக்கான தகடுகளை உலையில் வைத்து எடுத்ததெல்லாம் அவன்தான். உலை ஆறுவதற்குள் கதவில் கை வைத்தால் வள்ளென்று விழுவான். பொறுமையாவது ஒன்றாவது. போன மழைக்காலத்தில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது.

அந்த வரியை அழித்துவிட்டு, தோழர்களின் அகரவரிசையில் அவன் பெயரைச் செருகினாள். அங்கே அவனும் மற்றவர்களைப் போல நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவனாகத் தெரிந்தான்.

குடுவைகளை உடைத்தே 'உடைசல்' என்று பேர் வாங்கிய ஜூனியர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இங்கயும் அண்ணன் எனக்கு முன்னாடியா? கேன்டீன் வரிசையிலயும் இப்படித்தான் இடிச்சிட்டுப் போவாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அச்செடுத்துக் கொடுத்த தாளில் வழிகாட்டி சிவப்புப் பேனாவால் அந்தப் பெயரை வட்டமிட்டார்.

"இவனைக் குடும்பத்துல போடும்மா. இல்லேன்னா தனியா ஒரு சமர்ப்பணப் பக்கம் வை."

"அதுல பாசம்தான் சார் தெரியும், வேலை தெரியாது. மூணாவது அத்தியாயத்துத் தகடெல்லாம் அவர் செஞ்சது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்ப வெறும் பேர் பத்தாது. என்ன செஞ்சான்னு எழுது. முன்னாடி 'மறைந்த'ன்னு போட்டுடு. வைவால வெளித்தேர்வாளர், தகடு செஞ்சவரைக் கூப்பிடுங்கன்னா என்ன செய்வே?"

அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் அவள் அவனைக் குடும்பத்திலிருந்து இங்கே கூட்டி வந்திருந்தாள். இங்கேயும் விடவில்லை.

"நான் டைப் அடிக்கட்டுமாக்கா?" என்றான் உடைசல்.

"வேணாம்டா."

அவளே அடித்தாள். 'மறைந்த' என்ற சொல்லும் உலையில் தகடுகளைப் பதப்படுத்தித் தந்த விவரமும் சேர, அவன் வரி மற்றவர்களுடையதைவிட நீண்டுவிட்டது. வழிகாட்டி ஆய்வேட்டின் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மாமியார் கதவைத் திறந்ததும் அச்சுத்தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். குடும்பப் பத்தியில் விரல் வைத்துத் தேடினார்.

"என் பேர் இருக்கு. எம்புள்ள பேரைக் காணோமே?"

"அவர் ஆய்வகத்துல இருக்காரு அத்தை."

"வீட்டுல இல்லையா?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"இல்ல அத்தை."